சிரிக்காத ஐந்து வரிகள்

கோதண்டபாணி அண்ணனைப் பற்றி யார் பேசினாலும் எனக்குக் கோபம் வரும். திட்டினாலும் வரும், பாவம் என்றாலும் வரும். பாவம் என்கிறவர்களைக் கண்டால்தான் கூடுதலாக வரும். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு அவர் கதையை மட்டும் சொன்னால் நான் மனுஷியே இல்லை.

என் பெயர் அன்புச்செல்வி. விழுப்புரத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங்கும் உண்டு. என் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மடக்கு மேஜை போட்டுக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதுகிறவர் கோதண்டபாணி. ஊர் காணைப் பக்கம். மகள் சங்கவிக்குப் பத்து வயதாகும்போது மனைவி இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரே பெண்தான்.

அவர் முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எதற்கும் அசையாத முகம். ஒரு நாள் வல்லத்துக்காரர் ஒருவர், மாடு காணாமல் போய்விட்டது, மனு எழுதணும் என்று வந்தார். அண்ணன் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, "மாட்டோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு" என்றார். அந்த ஆள் ஐயையோ என்று தலையில் கை வைத்து, "போட்டோ எடுக்கவே இல்லையே சார்" என்றார். "சிரிச்ச மூஞ்சியா இருந்தா வாங்கமாட்டாங்க, பாத்துக்க" என்று இவர் மேலும் ஒன்று போட்டார். பக்கத்தில் நின்ற நான் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குள் ஓடினேன். நான் ஓடியதைப் பார்த்த பிறகுதான் மாட்டுக்காரருக்கு விளங்கியது. விளங்கியதும் என்னை விட அதிகமாக அவர்தான் சிரித்தார். அண்ணன் எங்கே சிரித்தார்!

இந்த மாதிரிப் பேச்சு எப்படி வேலை செய்கிறது என்று நான் பல நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சொல்வதற்கு நேர் எதிரான ஒரு விஷயம் கேட்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாட்டுக்கு ஆதார் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் கவலையில் இருப்பவனுக்கு அது சட்டென்று ஞாபகம் வராது. அப்போது பக்கத்தில் ஒரு சாடை இருந்தால் பிடித்துக்கொள்வான். குரல் கொஞ்சம் இழுக்கும், சிலருக்குப் புருவம் ஏறும், சாம்பார் புளித்துப்போன அன்றைக்கு "ரொம்ப நல்லா இருக்குது" என்கிறபோது அந்த "ரொம்ப" தெருக்கோடி வரைக்கும் நீளும். கோதண்டபாணி அண்ணனிடம் இதில் ஒன்றும் இருக்காது. குரல் இழுக்காது, புருவம் ஏறாது. விளையாட்டாகச் சொல்லும்போது உங்கள் கண்ணைப் பார்க்காமல் தோளைப் பார்ப்பார், அவ்வளவுதான். அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாலைந்து பேர் இருப்போம்.

சங்கவி அவரை மிஞ்சியவள். அப்பாவும் பெண்ணும் ஆரம்பித்தால் ஒருவர் போட்டதை விடப் பெரியதாக இன்னொருவர் போட வேண்டும், முதலில் சிரித்தவர் தோற்றவர். அந்த வீட்டில் தாயில்லாத துக்கத்தை இருவரும் அப்படித்தான் ஓட்டினார்கள். சமையல் கருகினால் அவள், "உனக்குப் புடிக்கும்னுதான்பா தீய விட்டேன்" என்பாள். அவர் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கரி போடு" என்பார்.

திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பூவரசன். ஓமன் நாட்டில் கிரேன் ஓட்டுகிறவன், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவான். தங்கமான பையன், அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு ஒன்று உறுத்தியது. "பொண்ணு நல்லா சமைக்குமா" என்று யாரோ கேட்க, அண்ணன் தோளைப் பார்த்துக்கொண்டு, "சாப்ட ரெண்டு பேரு உசுரோடதான் இருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூவரசன் மட்டும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சிரித்தான். கல்யாணத்துக்கு அப்புறம் மாமனாரோடு அவன் மொத்தமாக நாற்பது நாள் பழகியிருந்தால் அதிகம். நாற்பது நாளில் இந்த மனிதரைப் படிக்க முடியுமா?

கல்யாண ஏற்பாட்டுக்கென்று இரு வீட்டாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கியிருந்தார்கள். என்னையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். கல்யாணம் முடிந்தும் அதை யாரும் கலைக்கவில்லை. ஏதாவது பண்டிகைக்குப் பூப்படம் வரும், பார்க்காமல் கடந்துபோவோம்.

பூவரசன் மார்கழியில் வந்து தை கடைசியில் திரும்பினான். செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை சங்கவிக்குப் பிரசவம். தாய்வீட்டில் பார்க்கத் தாய் இல்லையே, அதனால் திண்டிவனத்திலேயே பார்த்தார்கள். திங்கட்கிழமை என்றால் எங்களுக்குக் குறைதீர் நாள், எள் போட்டால் எள் விழாது. பதினொன்றே முக்காலுக்கு குரூப்பில் போட்டோ வந்தது. துணியில் சுற்றிய பெண் குழந்தை, தலை நிறைய முடி. "பொண்ணு. ரெண்டு கிலோ தொள்ளாயிரம். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்று சங்கவியே படுத்தபடி எழுதியிருந்தாள்.

பிறந்த குழந்தையை அழகு என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கண் பட்டுவிடும். மை இட்டு முகத்தைக் கெடுப்போம், "என்னாடி இது கொரங்குக்குட்டி" என்போம். அப்படிச் சொன்னால்தான் பாசம் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணன் அந்தப் போட்டோவை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். எதிரில் ஒன்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். மேஜைக்கு அடியில் வைத்து ஒற்றை விரலால் எழுதினார்:

"நர்சுகிட்ட நல்லா விசாரிச்சியா. மாத்திக் குடுத்திருப்பாங்க. நம்ம ஜாடையும் இல்ல, மாப்ள ஜாடையும் இல்ல."

ஒரு நிமிஷத்தில் சங்கவி: "விசாரிச்சேன்பா. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதியாச்சாம், இனிமே மாத்தமாட்டாங்களாம்."

அவர்: "அப்ப மாப்ளகிட்ட எப்பிடி சொல்லப்போற."

அவள்: "சொல்லவேணாம்பா. அவரு வர்றதுக்கு இன்னும் ஒரு வருசத்துக்கு மேல இருக்குது. அதுக்குள்ள ஜாடை வந்துடும்."

நான் ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஏன் சிரிக்கமாட்டேன்? எனக்கு மூன்றடி தூரத்தில் அவர் முகம் இருக்கிறது. போனில் எழுத்தைப் படிக்கிறேன், நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். சங்கவிக்கு முகமே தேவையில்லை, இருபத்தாறு வருஷம் கேட்ட குரல் அவளுக்குள் தானாக ஓடும். எங்கள் மூன்று பேருக்கும் அந்த எழுத்துக்குப் பின்னால் சத்தம் இருந்தது. சும்மா இருந்தேனா பாவி! நானும் எழுதினேன்:

"எனக்கு அப்பவே சந்தேகம். மறைக்கிறதுன்னா எல்லாருமா சேந்து மறைச்சிடலாம்."

யாரும் ஒரு சிரிப்புப் பொம்மை கூடப் போடவில்லை. போட்டால் தோல்வி. அதுதானே ஆட்டம்.

மூன்று மணிக்கு அண்ணன் மேஜையை மடக்கிவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினார். பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டவர் ஒரு மணி நேரம் கீழே விடவில்லையாம். "அப்பா அழுதுக்கினே இருந்தாரு அத்தே, மூஞ்சி மட்டும் அப்படியே இருந்துச்சி" என்று சங்கவி எனக்குப் போன் பண்ணினாள். அதைப் பேசி வைத்த பிறகுதான் குரூப்பைத் திறந்தேன். நான் எழுதிய வரிக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. பூவரசன் வெளியேறினார்.

அவன் அதை எப்படிப் படித்திருப்பான் என்று நினைத்து நினைத்து நான் தேய்ந்துபோனேன். வெயிலில் வேலை, மத்தியான இடைவேளை. குழந்தை பிறந்துவிட்டதா என்று போனைத் திறக்கிறான். பக்கத்தில் சங்கவி இல்லை, மாமனாரின் தோள் பார்க்கும் கண் இல்லை. எழுத்து மட்டும் இருக்கிறது. நாங்கள் எழுதும்போது எங்கள் குரல் எங்களுக்குக் கேட்டது, அதனால் அவனுக்கும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டோம். இல்லை, நினைக்கக்கூட இல்லை. படிக்கிறவன் தன் மனசில் அன்றைக்கு எந்தக் குரல் இருக்கிறதோ அதில்தான் படிப்பான். அவன் அறையில் தங்கியிருந்த ஒருத்தனுடைய மனைவி அந்த மாசம்தான் வேறொருத்தனோடு போயிருந்தாளாம். அந்த அறையில் பத்து நாளாக வேறு பேச்சே இல்லையாம். அந்தக் குரலில் படித்திருக்கிறான். அவளைப் பெற்ற அப்பனே ஜாடை இல்லை என்கிறான், பெண்டாட்டி சொல்லவேண்டாம் என்கிறாள், சம்பந்தமே இல்லாத ஒருத்தி அப்பவே சந்தேகம் என்கிறாள். உறவுக்காரர்கள் ஏதோ சண்டையில் சொன்னால் தள்ளிவிடலாம். வெளியாள் சொன்னால் சாட்சி. என் வரிதான் அவனை முடித்தது என்று எனக்குத் தெரியும்.

சங்கவி இருபது முறை அழைத்தாள். எடுக்கவில்லை. "அது சும்மா காமெடிங்க" என்று எழுதி, இரண்டு சிரிப்புப் பொம்மையும் சேர்த்து அனுப்பினாள். முதலில் போட்டிருக்க வேண்டிய பொம்மையை இப்போது போட்டாள். அவன் அந்தச் சிரிப்பைத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக எடுத்துக்கொண்டான். "எது காமெடி, நானா?" என்று பதில் வந்தது.

அண்ணன் போனில் பேசிப் பார்த்தார். எழுத்தை விடக் குரல் மேல் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், மற்றவர்களுக்கு. இவர் விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் ஒரே குரல் வைத்திருந்தவர். "மாப்ள, நான் தமாசுக்கு எழுதினேன்" என்றார், மாட்டுக்கு போட்டோ கேட்ட அதே குரலில். அந்தப் பக்கம் துண்டித்துவிட்டான்.

பிறகு அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவரைப் பிடித்து உலுக்கத் தோன்றும். மனுவுக்கு வருகிறவர்களிடம் இந்த மனிதர் என்ன சொல்வார் தெரியுமா? "அம்மா, நீ என்னா தொனில சொல்றன்னு கலெக்டருக்குத் தெரியாது. பேப்பருக்கு மூஞ்சி கெடையாது. கோவம்னா கோவம்னு எழுதணும், அழுவைன்னா அழுவைன்னு எழுதணும்." ஆயிரம் பேருக்குச் சொன்ன ஆள். அவருக்குத் தெரிந்த நிஜமான எழுத்து ஒன்றே ஒன்றுதான், மனு எழுத்து. மருமகனுக்கும் அதிலேயே எழுதினார்.

"உயர்திரு மாப்பிள்ளை அவர்களின் மேலான கவனத்திற்கு. பொருள்: மன்னிப்பு வேண்டுதல் தொடர்பாக. மேற்படி தேதியில் நான் எழுதிய செய்தி நகைச்சுவைக்காக எழுதப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் கருணை கூர்ந்து..."

மனசு கிழிந்து எழுதினார். எழுதும்போது பேனாவை நாலு முறை கீழே வைத்தார். நான்தான் அதைப் படம் எடுத்தேன். அனுப்பும் முன் படித்துப் பார்த்தேன். "அண்ணே, இது கிண்டல் பண்ற மாதிரி கீதுண்ணே" என்றேன். "எதுமா கிண்டல்? ஒவ்வொரு எழுத்தும் நெசம்மா" என்றார். அனுப்பிவிட்டேன். பூவரசன் ஒரே வரி அனுப்பினான்: "இன்னும் நக்கல் அடங்கலையா."

ஐந்து வரிகளையும் படம் பிடித்து அவன் தன் அம்மாவுக்கும் அனுப்பியிருந்தான். அம்சவள்ளிக்குப் படிக்க வராது. அடுத்த வீட்டு ஆள் ஒருவர் செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்துக் காட்டியிருக்கிறார். யார் எழுதியது, என்ன எழுதியது, யார் எழுதியது, என்ன எழுதியது. நடுவில் மூச்சு விடும் இடம் கூட இல்லாமல் கேட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரிதான் கேட்கும். அந்த அம்மாளையும் நான் முழுசாகக் குற்றம் சொல்லமாட்டேன். குழந்தைக்குப் பதினொரு நாளாகும் வரை மருமகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள்தான்.

பன்னிரண்டாம் நாள் எங்களைக் கூப்பிட்டார்கள். திண்டிவனத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பூவரசனின் பெரியப்பா அப்பாதுரை நியாயமான மனிதர். போனைக் கையில் வைத்துக்கொண்டு, "தமாசுன்னு சொல்றீங்க. நாங்க ஒத்துக்கிறோம்னே வச்சிக்குங்க. இதுல எங்க சிரிப்பு வருது, கொஞ்சம் சொல்லிக் காட்டுங்க" என்றார்.

தமாஷை விளக்கச் சொன்னால் அது செத்துப்போகும். அண்ணன் விளக்கினார். கண் படக்கூடாது என்று குழந்தையைக் குறை சொன்னது, அதற்கு மகள் ஒத்து ஊதியது, ஒருவரை ஒருவர் மிஞ்சியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றும் வக்கீல் சொல்லிக் கொடுத்தது போல இருந்தது. "சரி, அன்னிக்கி எப்பிடி சொல்லியிருப்பியோ அப்பிடி வாயால சொல்லு" என்றாள் அம்சவள்ளி. அவர் சொன்னார். "நர்சுகிட்ட நல்லா விசாரிச்சியா. மாத்திக் குடுத்திருப்பாங்க." கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்க முயன்றேன், என் தொண்டையில் ஏதோ சத்தம்தான் வந்தது.

"தமாசுன்னா அந்தாளு சிரிச்சிருக்க மாட்டானா? மூஞ்சியப் பாருங்க. எம் புள்ளையோட வாழ்க்க போவுது, கல்லு மாதிரி ஒக்காந்துக்கினு கீறான்!" என்று அம்சவள்ளி கத்தினாள்.

அந்த நேரத்தில் அவர் முகத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தாடை அசையவில்லை, உதடு கோணவில்லை. யாருக்கும் அது அழுகையாகத் தெரியவில்லை.

சங்கவி குழந்தையோடு எழுந்தாள். "டிஎன்ஏ டெஸ்ட் எடுங்க. எங்க வேணா எடுங்க, நான் வர்றேன்" என்றாள். பெரியப்பா ஓமனுக்குப் போன் போட்டுக் கேட்டார். பூவரசன், "டெஸ்டுக்கு என்னா அவசியம், அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களே" என்று சொன்னதை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். அவன் குரல் உடைந்திருந்தது. அவனும் அழுதிருக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அன்று சாயங்காலமே சங்கவியை விழுப்புரத்துக்கு அழைத்து வந்தோம். அந்த வீட்டில் இப்போது மூன்று பேர் இருந்தார்கள், விளையாட்டுப் பேச்சு இல்லை. "சாப்டியாமா", "சாப்டேன்பா", "புள்ள தூங்குதா", "தூங்குது". கேட்டதற்கு நேரான பதில். ஒரு நாள் குழந்தை அவர் சட்டையை நனைத்துவிட்டது. முன்பென்றால் அதை வைத்தே அரை மணி நேரம் ஓட்டியிருப்பார்கள். அவர் எழுந்து போய்ச் சட்டையை அலசினார்.

நாலு மாசம் காத்திருந்து பார்த்தோம். ஒரு அசைவும் இல்லை. கடைசியில் சமூகநல அலுவலகத்தில் மனு கொடுப்பது என்று முடிவானது. இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், குழந்தைக்குப் பரிசோதனை செய்ய ஏற்பாடு பண்ண வேண்டும், அவ்வளவுதான் கேட்பது. வேறு ஆளிடம் எழுதலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. சங்கவியை மனு எழுத வருகிறவர்களுக்கான ஸ்டூலில் உட்கார வைத்து, ஒவ்வொரு தேதியாகக் கேட்டு எழுதினார். நான் டைப் அடித்தேன். என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்.

கையெழுத்து வாங்குவதற்கு முன் மனுவைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். மனு எழுதுகிறவன் மனுதாரரின் வாயால்தான் எழுத வேண்டும், "நான்" என்றால் அது எதிரில் உட்கார்ந்திருப்பவர். அவர் படித்தார்.

"...எனது தகப்பனார் கோதண்டபாணி என்பவர், படிப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று சற்றும் யோசிக்காமல் எழுதிய செய்தியாலும், அதற்கு நான் விளையாட்டாக அளித்த பதிலாலும், அன்புச்செல்வி என்பவர் சேர்த்து எழுதிய வரியாலும், என் கணவர் என் மீது சந்தேகம் கொண்டுள்ளார். எனது தகப்பனாரின் இச்செயலால் என் வாழ்க்கை பாழாகிவிட்டது. இதில் என் கணவர் மீது குற்றம் ஏதும் இல்லை..."

"அந்த வரி வேணாம்பா" என்றாள் சங்கவி.

"எது?"

"உன்னால பாழாயிடுச்சின்னு எழுதிக்கிற பாரு, அது."

"இருக்கட்டும். அதான் நெசம். பேப்பருல நெசத்த ஒடச்சி எழுதணும்."

அவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, தாளைத் திரும்ப மேஜையில் வைத்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கப்பா" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். கிண்டலா, கோபமா, மனசாரச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. நேருக்கு நேர், இரண்டடி தூரத்தில், தான் பெற்ற பெண் சொன்ன ஒரு வாக்கியம் அவருக்குப் புரியவில்லை. மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.